மண் உண்பதும் மிச்சம் வைப்பதும்

மூலக்கொத்தளத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி நான்கு மண்தொட்டிகளை வரிசையாக வைத்திருந்தாள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கான சோதனை அது. வேப்பிலை, செய்தித்தாள், பிளாஸ்டிக் பை, பழைய சீருடைச் சட்டைத் துண்டு ஆகியவற்றை 10 கிராம் வீதம் தோட்டத்து மண்ணில் புதைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் தெளித்தாள்.

45 நாட்களுக்குப் பின் தோண்டி எடுத்து நிறுத்தபோது பிளாஸ்டிக் பை 11 கிராம் இருந்தது. "தாத்தா, பிளாஸ்டிக் வளர்ந்திருக்கிறது!" என்றாள். வளர்ந்தது பை அல்ல. ஒட்டியிருந்த மண்ணும் ஈரமும்தான். எனவே எல்லாவற்றையும் அலசி, எடை மேலும் குறையாத வரை வெயிலில் உலர்த்தினோம்.

இப்போது இலை 2 கிராம். அதில் ஐந்தில் நான்கு பங்கு மக்கிவிட்டது என்று எழுதப் போனவளைத் தடுத்தேன். மரத்திலிருந்து வேறு 10 கிராம் பச்சை இலையைப் பறித்து உலர்த்திப் பார்த்தோம். 4 கிராமே தேறியது. மற்றது வெறும் நீர். ஆக, உண்மையில் மக்கியது 4 கிராமில் 2, அதாவது பாதிதான். தொடக்க எடையையும் உலர்ந்த நிலையில் எடுக்காவிட்டால், ஆவியான நீரெல்லாம் மக்கிய கணக்கில் சேர்ந்துவிடும்.

செய்தித்தாள் கருத்து, தொட்டால் உதிரும் துணுக்குகளாகியிருந்தது. சட்டைத் துண்டோ வலைபோல் மெலிந்திருந்தும் கிழியவில்லை. எஞ்சிய நூலொன்றைத் தீயில் காட்டினேன். பருத்தியாக இருந்தால் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். இது உருகிச் சிறு மணியாகத் திரண்டது. அது பாலியஸ்டர். பருத்தியின் செல்லுலோசை மண்ணின் நுண்ணுயிரிகள் உண்டுவிட்டன, பாலியஸ்டரை விட்டுவைத்தன. நாம் 'துணி' என்று ஒரே சொல்லில் அழைத்தது இரண்டு பொருள்கள்.

மக்குவது பொருளை மட்டும் பொறுத்ததும் அன்று. அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத் தொல்லியல் அறிஞர் வில்லியம் ராத்ஜேயின் குழு, 1980களின் இறுதியிலிருந்து குப்பைமேடுகளைத் தோண்டி ஆராய்ந்தது. பல பத்தாண்டுகளுக்கு முன் புதைந்த செய்தித்தாள்களை அவர்களால் வாசிக்க முடிந்தது. இறுகி அடைந்த குப்பைக்குள் காற்றும் ஈரமும் போதிய அளவு செல்லாததே காரணம். தொட்டியில் வாரங்களில் உதிர்ந்த காகிதம் அங்கே ஆவணமாகக் கிடந்தது.

எங்கள் பகுதிக்கு அருகே கொடுங்கையூர்க் குப்பைமேடு இருக்கிறது. அங்கே போய்ச் சேரும் காகிதமும் இலையும், மாடித் தொட்டியின் வேகத்தில் மக்கும் என்று நம்புவதற்கில்லை. காற்றில்லாத ஆழத்தில் ஈரம் இருந்தாலும் அவை மெதுவாகவே சிதையும்; அப்போது தீப்பற்றக்கூடிய மீத்தேன் வாயுவும் உண்டாகும். மக்கும் குப்பை என்று பெயரிட்டுவிட்டால் மட்டும் அது மக்கிவிடாது. தனியே பிரித்து, காற்றும் ஈரமும் கொடுத்தால்தான் உரமாகும்.

பேத்தி தன் அட்டவணையில் 'மக்கும், மக்காது' என்ற தலைப்பை அடித்துவிட்டு, 'எந்த நிலையில், எவ்வளவு?' என்று எழுதினாள். 'துணி' என்ற ஒற்றை வரியும் பருத்தி, பாலியஸ்டர் என இரண்டாகியது.