ஸ்டென்ட் வைத்த பிறகு நிறுத்தக் கூடாத குளிசைகள்

இருதய நாடியில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பியவர்கள் கிளினிக்கில் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "அடைப்பத்தான் எடுத்தாச்சே டொக்டர், இனி என்னத்துக்கு இவ்வளவு குளிச?" கேள்வி நியாயமானதுதான். ஆனால் அடைப்பை யாரும் வெளியே எடுக்கவில்லை. அதை நாடியின் சுவரோடு நசுக்கி ஒதுக்கி, திரும்பவும் சரிந்து விடாமல் ஒரு கம்பி வலையை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். எந்தக் குளிசை எதற்காக, எவ்வளவு காலத்துக்கு என்பதை விளங்கிக்கொள்ள இந்த வித்தியாசமே போதும்.

நாடிக்குள் என்ன நடக்கிறது

இருதயத் தசைக்குக் குருதி கொண்டு செல்லும் முடியுரு நாடிகளில் பிரதானமானவை மூன்று. அவற்றின் உள் அகலம் பெரும்பாலும் 3 அல்லது 4 மில்லிமீற்றர்தான். கொழுப்புப் படிவு தண்ணிக் குழாயில் சுண்ணாம்பு படிவதுபோல உள்ளே ஒட்டிக்கொள்வதில்லை. அது நாடியின் சுவருக்குள்ளேயே, மெல்லிய தோலுக்குக் கீழே கட்டி திரள்வதுபோல வருடக்கணக்கில் வளர்கிறது. வளர வளர உள் அகலம் குறைந்து, படியேறும்போதும் வேகமாக நடக்கும்போதும் நெஞ்சு இறுகுகிறது. சற்று நின்றால் விட்டுவிடுகிறது.

மாரடைப்பு வேறு விதமாக வருகிறது. அந்தக் கட்டியை மூடியிருக்கும் தோல் திடீரென வெடிக்கிறது. குருதியிலுள்ள சிறுதட்டுகள் அதைக் காயமாக எண்ணி ஓடிவந்து ஒட்டிக்கொள்ள, சில நிமிடங்களில் குருதி உறைந்து வழியை முழுதாக மூடிவிடுகிறது. வெடிப்பது எப்போதும் பெரிய கட்டி என்றில்லை. நேற்றுவரை எந்த நோவும் தராத சிறிய கட்டியும் வெடிக்கலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அஞ்சியோகிராமும் ஸ்டென்டும்

அஞ்சியோகிராம் என்பது சத்திரசிகிச்சை அல்ல, படம் பிடித்தல். மணிக்கட்டிலோ தொடையிடுக்கிலோ விறைக்க ஊசி போட்டு, ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் பருமனான மெல்லிய குழாயை நாடிக்குள் செலுத்தி, இருதய நாடியின் வாயில்வரை கொண்டு போகிறார்கள். அதனூடாக அயடீன் கலந்த சாயத்தைச் செலுத்தி எக்ஸ்றேயில் பார்த்தால், குருதி போகும் வழி ஓடும் படமாகத் தெரியும். நோயாளி விழித்துத்தான் இருப்பார். இந்தச் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கக் கூடியது என்பதால் முன்கூட்டியே குருதிப் பரிசோதனை செய்வார்கள். சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோமின் குடிப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அடைப்பைத் திறக்கும் முறையை முதன்முதலில் மனிதரில் செய்து காட்டியவர் அன்ட்ரியாஸ் குருண்ட்சிக். 1977 செப்டெம்பரில், சூரிச் நகரில். அவரிடம் இருந்தது பலூன் மட்டுமே. பலூனால் விரித்த இடம் பலருக்குத் திரும்பச் சுருங்கியது. அதற்கு முட்டுக் கொடுக்கவே 1986இல் ஸ்டென்ட் வந்தது.

இன்று செய்வதும் அதே அடிப்படைதான். தலைமுடியைவிடச் சற்றுத் தடித்த கம்பியொன்றை அடைப்பினூடாக அப்பால் நுழைத்து, அதன்மேல் பலூனை ஓடவிட்டு ஊதுகிறார்கள். பலூனுக்குள் செல்லும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல ஐந்தாறு மடங்கு. அதன்மேல் சுருட்டி வைத்த உலோக வலை அந்த அழுத்தத்தில் விரிந்து சுவரில் பதிந்துவிடும். பலூனைச் சுருக்கி வெளியே எடுத்தாலும் வலை ஆயுள் முழுக்க அங்கேயே இருக்கும்.

பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. குருதி ஓடும் வழியில் உலோகம் வெறுமையாகக் கிடந்தால் சிறுதட்டுகள் அதையும் காயமாகவே எடுத்துக்கொள்ளும். காலப்போக்கில் நாடியின் உட்தோல் வளர்ந்து வலையை மூடிவிடும். பிறகு அபாயம் வெகுவாகக் குறையும். ஆனால் இப்போது வைக்கும் ஸ்டென்டுகளில் மருந்து பூசியிருக்கிறார்கள். தழும்புத்தசை வளர்ந்து நாடி மறுபடி சுருங்காமல் அந்த மருந்து தடுக்கிறது. அதுவே உட்தோல் வளர்வதையும் தாமதப்படுத்துகிறது. ஆகவே வலை மூடப்பட மாதங்கள் எடுக்கும். அந்த மாதங்களில் வலையைக் காப்பது இரண்டு குளிசைகள்.

ஒரு ஹாஜியாரின் கதை

கிழக்குக் கரையோர ஊரொன்றைச் சேர்ந்த 57 வயது வியாபாரி அவர். ஹாஜியார் என்றே சொல்கிறேன். மாரடைப்போடு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய், குருதிக்கட்டியைக் கரைக்கும் ஊசி நேரத்துக்குக் கிடைத்துத் தப்பினார். பிறகு கொழும்பில் அஞ்சியோகிராம் செய்தபோது இருதயத்தின் முன்பக்கத்து நாடியில் 90 வீத அடைப்பு இருந்தது. 3 மில்லிமீற்றர் அகலம், 24 மில்லிமீற்றர் நீளமான ஸ்டென்ட் ஒன்றை வைத்தார்கள். அஸ்பிரின் 75 மில்லிகிராம், குளோபிடோக்ரல் 75 மில்லிகிராம், இன்னும் சில குளிசைகளோடு நல்ல சுகத்தில் வீடு வந்தார்.

நான்காம் மாதம் கடைவாய்ப் பல் வலித்தது. பல் பிடுங்கப் போன இடத்தில், "இரத்தம் நிக்காது, ரெண்டு குளிசையையும் பத்து நாளைக்கு நிப்பாட்டுங்க" என்று சொல்லிவிட்டார்கள். ஹாஜியாரும் நிறுத்தினார். பல்லைப் பிடுங்கியதில் எந்தக் கரைச்சலும் வரவில்லை. எட்டாம் நாள் சுபஹுக்கு எழும்பும்போது நெஞ்சில் பாறாங்கல்லை வைத்ததுபோல நோவு, உடம்பெல்லாம் வியர்வை. ஸ்டென்டுக்குள் குருதி உறைந்து நாடி முழுதாக மூடிவிட்டது.

ஏன் எட்டாம் நாள்? இந்த இரண்டு குளிசையும் சிறுதட்டுகளை ஆயுளுக்கும் செயலிழக்கச் செய்கின்றன. ஒரு சிறுதட்டின் ஆயுள் 7 முதல் 10 நாள். குளிசையை நிறுத்தினால் தினமும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு புதிதாகப் பிறந்து சேரும். முதல் இரண்டு நாளில் ஒன்றும் தெரியாது, "நிப்பாட்டியும் ஒண்டுமில்லையே" என்று ஆறுதலாகவும் இருக்கும். ஒரு கிழமையாகும்போது ஒட்டும் பலம் கொண்ட சிறுதட்டுகள் குருதியில் நிறைந்துவிடும். வலையோ இன்னும் மூடப்படவில்லை.

ஹாஜியார் உயிர் தப்பினார், அல்ஹம்துலில்லாஹ். திரும்பவும் நாடியைத் திறந்தார்கள். ஆனால் அதற்கிடையில் முன்பக்கத் தசையில் பெரும்பகுதி செத்துவிட்டது. எக்கோ பரிசோதனையில் 55 வீதமாக இருந்த இருதயத்தின் தள்ளும் வலு 35 வீதமாகக் குறைந்தது. முன்பு கடைக்கு நடந்தே போய்வந்தவருக்கு இப்போது பள்ளிவாசல் படியேறவும் மூச்சு வாங்குகிறது.

அந்தப் பல்லை இரண்டு குளிசையையும் குடித்துக்கொண்டே பிடுங்கியிருக்கலாம். துணிப்பஞ்சைச் சற்று அதிக நேரம் கடித்திருந்தால், தேவைப்பட்டால் ஒரு தையல் போட்டால், இரத்தம் நிற்கும். வாயில் கசியும் இரத்தம் கண்ணுக்குத் தெரியும், அழுத்திப் பிடிக்கலாம். இருதய நாடிக்குள் உறையும் குருதியை யாரும் அழுத்திப் பிடிக்க முடியாது. பெரிய சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் கதை வேறு. இயலுமானால் அதைப் பிற்போடுவார்கள். பிற்போட முடியாவிட்டால் எதை, எத்தனை நாள் நிறுத்துவது என்பதை இருதய வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலும் அப்போதும் அஸ்பிரின் தொடரும்.

எந்தக் குளிசை, எவ்வளவு காலம்

அஸ்பிரின் வழமையாக ஆயுள் முழுதும். அதனோடு சேரும் இரண்டாவது குளிசை குளோபிடோக்ரலாக இருக்கலாம், அல்லது நாளுக்கு இரண்டு முறை குடிக்கும் டிக்காக்ரெலோராக இருக்கலாம். மாரடைப்புக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்தவருக்கு அது பொதுவாக 12 மாதம். மாரடைப்பு வராமல் நடக்கும்போது மட்டும் நோவு இருந்து வைத்தவருக்குப் பொதுவாக 6 மாதம். இரத்தம் கசியும் அபாயம் கூடியவர்களுக்கு வைத்தியர் இதைக் குறைப்பார், வேறு சிலருக்கு நீட்டுவார். உங்கள் முடிவுத் திகதியைக் கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். அந்தத் திகதி இல்லாததால்தான் சிலர் மூன்றாம் மாதமே நிறுத்துகிறார்கள், சிலர் தேவையில்லாமல் ஐந்து வருடம் குடிக்கிறார்கள்.

டிக்காக்ரெலோர் சிலருக்கு மூச்சு முட்டுவதுபோல உணர்வைத் தரும். அப்படியென்றால் வைத்தியரிடம் சொல்லி வேறு குளிசைக்கு மாறலாம், தானாக நிறுத்தக் கூடாது. தோலில் சிறு கண்டல், பல் துலக்கும்போது கொஞ்சம் இரத்தம், இவற்றுக்குப் பயப்படத் தேவையில்லை. மலம் தார் போலக் கறுத்துப் போனால், இரத்தமாக வாந்தி எடுத்தால், தலையில் பலமாக அடிபட்டால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வயிற்றைக் காக்கப் பென்டபிரசோல் போன்ற குளிசை தந்திருப்பார்கள். குளோபிடோக்ரல் குடிப்பவர்கள் ஃபார்மசியில் தாமாக ஒமிபிரசோல் வாங்கிக் குடிப்பது நல்லதல்ல, அது குளோபிடோக்ரலின் பலனைக் குறைக்கும். முழங்கால் நோவுக்கு டைக்குளோஃபெனாக், ஐபுபுரோஃபன் வாங்குவதும் அப்படித்தான், வயிற்றில் இரத்தம் கசியச் செய்யும். பரசிட்டமோல் போதும்.

அடுத்தது கொழுப்புக்கான அட்டோவஸ்டட்டின். "கொலஸ்ட்ரோல் நோமலுக்கு வந்துட்டு" என்று பலர் நிறுத்துவது இதைத்தான். அந்த நல்ல அளவு குளிசை தந்த அளவு. ஸ்டென்ட் காப்பது 24 மில்லிமீற்றரை மட்டும். மூன்று நாடிகளின் மிச்ச நீளம் முழுதும் இருக்கும் சிறிய கட்டிகளின் தோலை வெடிக்காமல் பலப்படுத்துவது இந்தக் குளிசைதான். பிரஷருக்கும் இருதயத் துடிப்புக்கும் தந்த குளிசைகளும் அப்படியே. குறிப்பாக பைசோபிரொலோல், மெட்டோபிரொலோல் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சு நோவு திரும்பி வரும்.

நோன்பு காலத்தில்

மாரடைப்பு வந்து சில வாரங்களே ஆனவர் நோன்பை விட்டுப் பிறகு கழாச் செய்வதற்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. உடல் நிலை சீராகி வைத்தியரும் அனுமதித்தவருக்குக் குளிசை ஒரு தடையல்ல. நாளுக்கு ஒருமுறை குடிப்பவற்றை இஃப்தாரிலோ ஸஹரிலோ தினமும் ஒரே வேளையில் குடிக்கலாம். டிக்காக்ரெலோரை இரண்டு வேளைக்கும் பிரிக்கலாம். நீர் போகும் குளிசையையும் சீனிக் குளிசையையும் மட்டும் ரமழானுக்கு முன்பே கிளினிக்கில் மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஆஸ்பத்திரியில் தரும் குளிசையின் நிறமும் வடிவமும் மாதத்துக்கு மாதம் மாறும். நிறத்தை நம்பாமல் பெயரை வாசித்துப் பாருங்கள். குளோபிடோக்ரல் கிடைக்கவில்லை என்றால் அடுத்த கிளினிக் வரை காத்திராமல் அன்றே வெளியில் வாங்குங்கள். வாங்க வசதியில்லாதவருக்கு ஊரில் யாராவது அந்த ஒரு மாதக் குளிசையைப் பொறுப்பெடுப்பது பெரிய உதவியாகும். நெஞ்சு நோவு பழையபடி வந்து, நாக்குக்குக் கீழ் வைக்கும் குளிசைக்கும் ஐந்து நிமிடத்தில் விடாவிட்டால், 1990 அம்புலன்சை அழையுங்கள். வந்ததும் முதல் வார்த்தையாக ஸ்டென்ட் வைத்த திகதியைச் சொல்லுங்கள்.