நாலாம் நம்பர் கல்யாணம்

எங்கள் கல்யாணப் பத்திரிகை ஒன்று பீரோவின் அடித்தட்டில், பட்டுப்புடவைக்குக் கீழே விரித்திருந்த செய்தித்தாளுக்கு அடியில் கிடந்தது. மூலைகளில் தடவிய மஞ்சள் பழுப்பேறியிருந்தது. 12-9-1999, ஞாயிற்றுக்கிழமை, ஆவணி வளர்பிறை. இருபத்தைந்தாவது கல்யாண நாள் நெருங்கிய சமயம் அது. எண் கணிதம் பழகியிருந்த என் நாத்தனார் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணி, உங்களுடையது நாலாம் நம்பர் கல்யாணம், தெரியுமா?" என்றாள்.

கணக்கு எளிதுதான். நாள், மாதம், வருடம் மூன்றிலும் உள்ள இலக்கங்களை எல்லாம் கூட்ட வேண்டும். 1+2+9+1+9+9+9 என்றால் 40. அதையும் கூட்டினால் 4. பிறந்த தேதிக்கு விதி எண் பார்ப்பது போலவேதான் இதுவும். பிறந்தவர் ஒருவர் என்பதற்குப் பதில் இங்கே பிறந்தது ஒரு குடும்பம். வருடத்தை '99' என்று சுருக்கிப் போட்டால் 3 வந்துவிடும். ஆகவே நான்கு இலக்கங்களையும் முழுதாக எடுக்க வேண்டும்.

அடுத்தது ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் வரும் எண். அதே நாளையும் மாதத்தையும் வைத்துக்கொண்டு நடப்பு வருடத்தைச் சேர்ப்பார்கள். 12-9-2024க்கு 20 வரும், அதாவது 2. அந்தக் கல்யாண நாளிலிருந்து அடுத்த கல்யாண நாள் வரை அதுதான் அந்தத் தம்பதியின் ஆண்டு எண் என்று கொள்ளலாம். 25ஆம் ஆண்டு என்பதால் 2+5=7 என்று சொல்பவர்களும் உண்டு. அது நிறைவுபெற்ற வருடங்களின் எண், வேறு கணக்கு. இரண்டையும் கலந்து பேசினால் குழப்பம்தான் மிஞ்சும்.

இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போவது என்பது, 9ஆல் வகுத்து மீதியை எடுப்பதுதான். மீதி இல்லாவிட்டால் 9. அதனால் ஆண்டு எண் வருடத்துக்கு ஒன்றாக ஏறி, ஒன்பதுக்குப் பிறகு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். காலண்டரே வேண்டாம். கல்யாண எண்ணோடு எத்தனையாவது கல்யாண நாள் என்பதைக் கூட்டினால் போதும். எங்களுக்கு 4+25=29, அது 11 ஆகி, 2 ஆகிறது. தொடங்கிய எண்ணே ஒவ்வொரு ஒன்பதாம் வருடமும் திரும்ப வரும். எங்களுக்கு 2008, 2017, பிறகு 2026. திரும்பிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இந்த ஒன்பது வருட இடைவெளி உண்மையிலேயே உதவும். எல்லா வருடங்களையும் ஒரே மூச்சில் நினைக்க முடியாது. மூன்று வருடங்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியும்.

பலன் என்று வந்தால்தான் சிக்கல். கீரோ என்ற புனைபெயரில் எழுதிய அயர்லாந்துக்காரரின் வழியில் 4 யுரேனஸுக்கு உரியது. நம் ஊர்க்காரர்கள் அந்த இடத்தில் ராகுவை வைத்தார்கள். எதையும் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பது, ஊர் வழக்கத்துக்கு மாறாக நடப்பது, எதிர்பாராத திருப்பங்கள், இவையெல்லாம் அந்த எண்ணின் குணம் என்பார்கள். பித்தகோரஸ் பெயரைச் சொல்லும் மேல்நாட்டு முறையில் இதே 4 அஸ்திவாரத்தின் எண். ஒழுங்கு, உழைப்பு, செங்கல்மேல் செங்கல் வைத்துக் கட்டுவது. ஒரு எண்ணுக்கு நேர் எதிரான இரண்டு அர்த்தங்கள். தேதி ஒரு கல்யாணத்தின் தலையெழுத்தைச் சொல்லும் என்று என்னால் நம்ப முடியாமல் போனதற்கு இதுவே முதல் காரணம். ஆனால் கேள்வியாகக் கேட்டுப் பார்த்தால் இரண்டுமே நல்ல கேள்விகள். நாம் எதைக் கட்டினோம்? எதை எதிர்த்து நின்றோம்?

ஆளுக்கு ஒரு நோட்டில், ஒருவருடையதை மற்றவர் பார்க்காமல் எழுதினோம். பலனைப் படிப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும் என்பது என் நிபந்தனை. படித்துவிட்டு யோசித்தால் பலனுக்குப் பொருந்தும் சம்பவம்தான் நினைவுக்கு வரும். 2008 செப்டம்பர் முதல் 2009 செப்டம்பர் வரை என்ன நடந்தது? அவர் எழுதியிருந்தது: 'வீடு கட்டியது. தளம் போட்ட அன்று மழை. லோன்.' நான் எழுதியிருந்தது: 'அத்தை பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஏழு மாதம்.' வீட்டைப் பற்றி என் நோட்டில் ஒரு சொல் இல்லை. தன் அம்மாவைப் பற்றி அவர் நோட்டிலும் இல்லை. இரண்டும் ஒரே வருடம், ஒரே குடும்பம்.

2017 எங்கள் இருவருக்கும் வெறுமையாக இருந்தது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. எங்களை உலுக்கிய வருடம் 2014, அவருக்கு வேலை போனபோது. அதன் எண் 1. நாத்தனாரிடம் சொன்னேன். "ஒண்ணுன்னா புதுத் தொடக்கம், அண்ணி. அண்ணன் அதுக்கப்புறம்தானே கடை வச்சார்?" என்றாள். சரிதான். ஆனால் அதே வருடம் 9 வந்திருந்தால் முடிவு என்றும், 8 வந்திருந்தால் சனியின் சோதனை என்றும் இதே உறுதியோடு சொல்லியிருக்கலாம்.

1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணாம்சத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து, உங்களுக்கென்றே எழுதியது என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே வாசகம், அதுவும் கடையில் விற்கும் ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தது. எவ்வளவு பொருந்துகிறது என்று மாணவர்கள் 5க்குப் போட்ட மதிப்பெண் சராசரி 4.26. இதை நான் வீட்டிலேயே செய்து பார்த்தேன். 7ஆம் எண்ணின் பலனை 4 என்று சொல்லி அவருக்கு வாசித்தேன். "அப்படியே நம்மதான்" என்று தலையாட்டினார். உங்கள் எண்ணின் பலனைப் படிப்பதற்கு முன் வேறு இரண்டு எண்களின் பலனையும் படித்துவிடுங்கள். அவையும் பொருந்தினால், எண் உங்களைப் பற்றித் தனியாக எதுவும் சொல்லவில்லை.

எந்தத் தேதியை எடுப்பது என்பதிலும் சிக்கல் உண்டு. முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை தாலி, சில மாதம் கழித்துப் பதிவு. மூன்றுக்கும் மூன்று எண் வரலாம். முகூர்த்தத் தேதியைத்தான் எண் கணிதக்காரர்கள் எடுக்கிறார்கள். ஆனால் நாள் குறித்துக் கொடுத்த ஜோசியர் பார்த்தது பஞ்சாங்கத்தை. அவருக்கு நாள் தொடங்குவது சூரிய உதயத்தில், ஆங்கிலத் தேதி மாறுவது நள்ளிரவில்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது எட்டாம் எண் பயம். கூட்டினால் 8 வருகிறது என்று தெரிந்ததும், நன்றாக வாழ்ந்துகொண்டிருப்பவர்கள்கூட பழைய சண்டைகளை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். நல்ல தேதியில் கோயிலில் மறுபடி தாலி கட்டிக்கொள்ளுங்கள் என்று பரிகாரம் சொல்வாரும் உண்டு. தேதிகளைக் கூட்டினால் ஒன்பதில் ஒன்று எட்டாகத்தான் வரும். ஊரில் நடந்த கல்யாணங்களில் ஒன்பதில் ஒரு பங்கைச் சந்தேகத்தோடு பார்க்கச் சொல்லும் கணக்கு அது. யாராவது இதை வைத்துப் பணம் கேட்டால், அந்த இடத்திலேயே பத்திரிகையை மடித்து உள்ளே வைத்துவிடலாம்.

எங்கள் இரண்டு நோட்டுகளும் அன்று இரவு சாப்பாட்டு மேசையில் விரித்தபடியே கிடந்தன. அவர் என் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். "ஏழு மாசமா? நான் ரெண்டு மாசம்னு நினைச்சுட்டிருந்தேன்" என்றார். தளம் போட்ட அன்று மழை பெய்தது எனக்கும் அப்போதுதான் தெரியும். தார்ப்பாய்க்கு ஓடியது, நனைந்தபடி விடிய விடிய காவல் இருந்தது என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அத்தைக்கு உடம்பு துடைத்துவிட்ட இரவுகளை நான் சொன்னேன். பேசி முடிக்கும்போது மணி ஒன்றரை.