மாதம் 25% லாபம்: கணக்கு எங்கே உடைகிறது?

“மச்சி, ஒரு லட்சம் போட்டேன். மூணு மாசமா கரெக்டா 25 ஆயிரம் அக்கவுன்ட்ல விழுது. நீயும் போடு, எனக்கும் கமிஷன் வரும்.”

நண்பர் இப்படிச் சொல்லும்போது நம்பாமல் இருப்பது கஷ்டம். ஏனென்றால், அவர் பொய் சொல்லவில்லை. பணம் உண்மையிலேயே வந்திருக்கிறது. ஆனால், அது யாருடைய பணம்?

சென்னையில் இயங்கிய ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனத்தின் மீதான வழக்கு நினைவிருக்கலாம். மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை வட்டி தருவதாகச் சொல்லி, ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரிடம் சுமார் 2,438 கோடி ரூபாய் வசூலித்ததாக 2022-ல் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸார் வழக்குப் பதிந்தார்கள். இவ்வளவு பேர் எப்படி நம்பினார்கள் என்ற கேள்விக்கு, இந்தத் திட்டங்களின் கணக்கிலேயே விடை இருக்கிறது.

முதல் நான்கு மாதம்

ஒரு லட்சம் போட்டவருக்கு மாதம் 25 ஆயிரம் என்றால், நான்கு மாதங்களுக்கு அவர் பணத்தையே பிரித்து அவருக்குக் கொடுக்கலாம். ‘லாபம் வருது’ என்று அவர் ஊரெல்லாம் சொல்வதும் இந்த நேரத்தில்தான். ஐந்தாவது மாதத்திலிருந்து வேறொருவர் பணம் தேவை.

இப்போது 100 பேர் தலா ஒரு லட்சம் போடுகிறார்கள். அந்த ஒரு கோடியை நடத்துபவர்களே எடுத்துக்கொண்டார்கள், வேறு வருமானமும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம் 100 பேருக்கும் 25 லட்சம் கொடுக்க, புதிதாக 25 பேர் சேர வேண்டும். அதற்கடுத்த மாதம் 125 பேருக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு இன்னும் 31 பேர்.

இப்படியே போனால் ஒரு வருடத்தில் உறுப்பினர்கள் சுமார் 1,450 பேராக இருக்க வேண்டும். மூன்று வருடத்தில் 3 லட்சம் பேர். ஐந்து வருடத்தில் ஆறரைக் கோடி! 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே சுமார் 7.2 கோடிதான்.

‘ஆள் சேர்த்தால் கமிஷன்’ என்பது இதனால்தான் வருகிறது. அந்தக் கமிஷனும் புதியவர்களின் பணத்திலிருந்தே போவதால், இன்னும் வேகமாக ஆள் சேர வேண்டியிருக்கும். சேர்க்கை குறைந்த மாதமே திட்டம் தள்ளாடும். ‘சர்வர் அப்டேட்’, ‘ஆடிட் நடக்குது’ என்ற குறுஞ்செய்திகள் வருவது அப்போதுதான்.

“நாங்க டிரேடிங் பண்றோம்!”

சிலர், பங்குச்சந்தையில் சம்பாதித்துத் தருவதாகச் சொல்வார்கள். ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டமடைந்ததாக செபியின் ஆய்வே சொல்கிறது. லாபம் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால், மாதாமாதம் ஒரே அளவு லாபத்துக்குச் சந்தையில் யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். மாதம் 25 சதவீதத்தை மறுபடி மறுபடி முதலீடு செய்தால், ஒரு லட்சம் ஒரே வருடத்தில் பதினான்கரை லட்சமாகும். அந்த வித்தை தெரிந்தவர் வங்கியில் கடன் வாங்கினால் வருடத்துக்குத்தான் 12, 15 சதவீத வட்டி. அவர் ஏன் உங்களிடம் வாங்கி, மாதத்துக்கு 25 சதவீதம் தர வேண்டும்?

நான்கு கேள்விகள்

1. நாளை முதல் புதிதாக ஒருவர்கூட சேராவிட்டாலும் பணம் வருமா? எதை விற்று, எந்தச் சேவை செய்து வருகிறது? தெளிவான பதில் இல்லையென்றால் விலகிவிடுங்கள்.

2. வருடத்துக்கு எவ்வளவு? ‘தினம் 1 சதவீதம்’ கேட்கச் சின்னதாக இருக்கும். கூட்டு வட்டியில் அது ஒரு வருடத்தில் பணத்தைச் சுமார் 38 மடங்காக்கும் என்ற வாக்குறுதி!

3. பதிவு இருக்கிறதா? அவர்கள் அனுப்பும் சான்றிதழ் படத்தை நம்பாமல், செபி இணையதளத்தில் நீங்களே தேடுங்கள். பெயர் அங்கே இருந்தாலும் போதாது. பெரிய நிறுவனங்களின் பெயரிலேயே போலிச் செயலிகள் உண்டு. பணம் தனிநபர் கணக்குக்கோ சம்பந்தமில்லாத கடைப் பெயருக்கோ போகிறது என்றால் அது மோசடி.

4. முழுப் பணத்தையும் எடுக்க முடியுமா? முதலில் 2,000 ரூபாய் எடுக்க விடுவது தூண்டில். திரையில் 8 லட்சம் காட்டிவிட்டு, ‘வரி கட்டினால்தான் எடுக்கலாம்’ என்றால் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். வருமான வரி அரசுக்குக் கட்டுவது, செயலிக்கு அல்ல.

ஏமாந்துவிட்டால்?

ஆன்லைனில் பணம் அனுப்பியிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் அளிக்கலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்க வாய்ப்பிருப்பதால், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். டெபாசிட் திட்டம் என்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவை அணுகுங்கள். பணப் பரிமாற்ற விவரம், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்க வேண்டாம்.

நீங்கள் யாரையாவது சேர்த்துவிட்டிருந்தால், அவர்களுக்கும் இன்றே சொல்லிவிடுங்கள். அடுத்த தவணையை அவர்கள் கட்டாமல் இருந்தாலே, அந்தப் பணமாவது மிஞ்சும்.