மீட்டர் என்ன விலை என்று கேட்பதற்கு முன்பு

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே மதுரை விளக்குத்தூண் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது. ரெடிமேடு வாங்குகிறவர்கள் கடைசி நாள்வரை வருவார்கள். மீட்டர் துணி எடுத்துத் தைக்கக் கொடுக்கிறவர்களுக்கு அந்த வசதி இல்லை, டெய்லர் ஆர்டரை நிறுத்துவதற்குள் துணி அவர் கைக்குப் போயாக வேண்டும். அப்படி முன்கூட்டியே கடைக்கு வந்த ஓர் அப்பத்தா, பேத்தியின் கதை இது. பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். அப்பத்தா கால் மிஷினில் தெருப் பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்துக் கொடுத்தவர்.

பேத்திக்கு ஒரு சுடிதார் டாப், அவள் அம்மாவுக்கு ஒன்று. மூன்று துணிகள் பிடித்திருந்தன. மூன்றும் காட்டன், கையில் பிடித்தால் கனமும் ஏறக்குறைய ஒன்றுதான். மீட்டர் 120 ரூபாய், 140 ரூபாய், 190 ரூபாய்.

“120 ரூபா துணியவே எடுத்துக்கலாம் அப்பத்தா. 190-க்கு அப்படி என்ன இருக்கு?”

“ரேட்டை அப்புறம் பேசுவோம்த்தா. தம்பிகிட்ட பன்னா எவ்வளவுன்னு கேளு.”

பன்னா என்பது துணியின் அகலம். மீட்டர் கணக்கில் கடைக்காரர் அளந்து கொடுப்பது நீளத்தை மட்டும்தான். அகலம் தறியிலேயே முடிவாகிவிடுகிறது, அது துணிக்குத் துணி மாறும். கடையில் அதிகம் கிடைப்பவை 36 அங்குலம், 44 அங்குலம், 58 அங்குலப் பன்னாக்கள். இவர்கள் எடுத்து வைத்த மூன்றும் விலை வரிசைப்படி அந்த மூன்று பன்னாக்களாகவே இருந்தன. ஒரே ஒரு மீட்டர் எடுத்தாலும், 58 பன்னாவில் கைக்கு வரும் துணி 36 பன்னாவில் வருவதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல்.

அகலத்தைக் கொண்டு விலையை வகுத்துப் பார்த்தால் போதுமே என்று பேத்தி செல்போனை எடுத்தாள். அப்பத்தா விடவில்லை. துணி எவ்வளவு கிடைக்கிறது என்பது ஒரு கணக்கு, வெட்டும்போது அதில் எவ்வளவு உதவுகிறது என்பது வேறு கணக்கு. தைக்கிறவருக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

பேத்தியின் டாப் உயரம் 42 அங்குலம். தோள் தையலுக்கும் கீழ் மடிப்புக்கும் 3 சேர்த்தால் 45. கீழ்ச்சுற்றையும் சேர்த்து முன்பக்கத் துண்டுக்கு 24 அங்குல அகலம் வேண்டும், பின்பக்கத்துக்கும் அதே 24. கை ஒவ்வொன்றுக்கும் 16 அங்குல அகலம், மடிப்போடு 12 அங்குல நீளம். அப்பத்தா மேஜையில் துணியை விரித்து, இரண்டு உள்ளங்கைகளையும் முன்துண்டு, பின்துண்டுபோல வைத்துக் காட்டினார்.

58 பன்னாவில் முன்னும் பின்னும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிடும், 24-ம் 24-ம் 48தான். மீதி நிற்கும் 10 அங்குலப் பட்டையில் கை அடங்காது. அதனால் கீழே இன்னொரு 12 அங்குலம் எடுத்து இரண்டு கையையும் வெட்ட வேண்டும். மொத்த நீளம் 57 அங்குலம்.

44 பன்னாவில் இரண்டு துண்டும் அருகருகே அடங்காது. ஒன்றின் கீழ் ஒன்றாகப் போட்டால் 90 அங்குலம். ஆனால் ஓரத்தில் 20 அங்குலப் பட்டை மிஞ்சுகிறது, கைகள் அதிலேயே வந்துவிடும். 36 பன்னாவில் ஓரத்தில் மிஞ்சுவது 12 அங்குலம் மட்டுமே. அதில் கை வராது, ஆக 90-க்கு மேல் இன்னொரு 12 சேர்ந்து 102 அங்குலம்.

“இத்தோட முடியலத்தா. தண்ணியில போட்டா கஜத்துக்கு ரெண்டு விரக்கடை உள்ள போயிரும்.”

கஜம் என்றால் 36 அங்குலம். மீட்டர் 39 அங்குலத்துக்குச் சற்று அதிகம். அப்பத்தா சொன்ன இரண்டு விரக்கடையை நூற்றுக்கு ஐந்து என்று வைத்துக்கொள்ளலாம், முன்பே துவைத்துச் சுருக்காத காட்டனுக்கு அது நியாயமான கணக்கு. அதையும் சேர்த்துக் கடையில் கேட்க வேண்டிய அளவைச் சொன்னார்: 58 பன்னாவில் 1.6 மீட்டர், 44-ல் இரண்டரை, 36-ல் இரண்டே முக்கால்.

பேத்தி பெருக்கிப் பார்த்தாள். 120 ரூபாய்த் துணி 330 ரூபாய் வந்தது. 140 ரூபாய்த் துணி 350. மீட்டர் விலை அதிகமென்று அவள் ஒதுக்கி வைத்த 190 ரூபாய்த் துணி 304 ரூபாய்தான்.

“அப்ப அம்மாவுக்கும் இதுலயே எடுத்துருவோம்.”

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். அம்மாவுக்குச் சுற்றளவு கூடுதல். முன்துண்டுக்கே 30 அங்குலம் வேண்டும், இரண்டு துண்டுக்கு 60. பன்னாவோ 58. இரண்டே அங்குலக் குறைச்சலில் இரண்டு துண்டும் ஒன்றின் கீழ் ஒன்றாகப் போக, 1.6 மீட்டர் போதாமல் இரண்டரை மீட்டர் எடுக்க வேண்டியதாகிறது. விலை 475 ரூபாய். அதே டாப்புக்கு 36 பன்னாவில் இரண்டே முக்கால் மீட்டர் போதும், 330 ரூபாயில் முடியும். 44 பன்னாவிலும் ஓரத்தில் 14 அங்குலமே மிஞ்சி கை அடங்காமல் போவதால் இரண்டே முக்கால், 385 ரூபாய். பேத்திக்கு மலிவாக இருந்த துணி அம்மாவுக்குத்தான் விலை அதிகம். அகலப் பன்னா என்றாலே லாபம் என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான். உடுத்துகிறவரின் அளவு தெரியாமல் எந்தத் துணி மலிவு என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்பத்தா அடுத்து டேப்பை எடுத்தார். 44 என்று சொன்ன துணியைக் கரையிலிருந்து கரைவரை அளந்தால் 43 சொச்சம் இருந்தது. கரையோரம் வரிசையாக ஊசித் துளைகள். பதனிடும் இயந்திரத்தில் துணியை விரைப்பாகப் பிடிக்கும் ஊசிகள் விட்ட தடம் அது. அந்த ஓரத்தைத் தையலுக்குள் மறைக்கலாமே தவிர வெளியே தெரிய விட முடியாது. துளைக்கு உள்பக்கம் எவ்வளவு தேறுகிறதோ அதுதான் உண்மையான பன்னா. அடுத்து, துணியின் ஒரு மூலையைக் கசக்கித் தேய்த்துப் பார்த்தார். வெள்ளையாக மாவு உதிர்ந்தால் கஞ்சி அதிகம் என்று பொருள், கடையில் தெரியும் கனம் முதல் துவையலோடு போய்விடும்.

அளக்கும்போது அப்பத்தாவின் கண் மீட்டர் கோலிலேயே இருந்தது. கோலில் அரசு முத்திரை இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. முத்திரை உள்ள கோலிலும் துணியை இழுத்துப் பிடித்து அளந்தால், வீட்டுக்கு வந்து தளர்ந்தபின் குறையும். துணியைத் தளர்வாகப் போட்டு அளக்கச் சொல்லுங்கள். பிளெயின் காட்டனாக இருந்தால் கத்தரியால் ஓரத்தில் ஒரு வெட்டு கொடுத்துவிட்டுக் கிழிக்கச் சொல்வது இன்னும் நல்லது. நூல் ஓடும் வழியில் நேராகக் கிழியும். கத்தரி கோணலாகப் போனால் நேராக்குவதற்கே ஓரிரண்டு அங்குலம் வீணாகும்.

அட்டையில் உள்ள விலையில் 5 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா, பில்லில் தனியாக வருமா என்பதையும் கேட்டுவிட்டு, பேத்திக்கு 58 பன்னாவில் 1.6 மீட்டரும் அம்மாவுக்கு 36 பன்னாவில் இரண்டே முக்கால் மீட்டரும் வெட்டச் சொன்னார் அப்பத்தா.

நீங்கள் கடைக்குக் கிளம்பும் முன் டெய்லரிடம் கேட்டு இரண்டு அளவுகளை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்: முன்துண்டின் அகலம், கையின் அகலம். பையில் ஒரு டேப்பும் இருக்கட்டும். வெட்டிய மீட்டர் துணியைக் கடைகள் பொதுவாகத் திருப்பி எடுப்பதில்லை. பன்னாவைக் கேட்பதும் அளப்பதும் கணக்குப் போடுவதும் கத்தரி படுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.