பிடித்த வரி போய்ச் சேர்ந்ததா?

மார்ச் மாதத்தில் ஒரு மாலை, எங்கள் தோட்டத்துப் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரின் மனைவி தம் மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். மகள் பட்டணத்துத் தொழிற்சாலையில் மாதம் 4,200 வெள்ளி சம்பளத்தில் வேலை பார்ப்பவள். "சார், இந்தப் பாரத்தைப் பார்த்து, வரிப்பணம் எவ்வளவு திரும்பி வரும்னு சொல்லுங்க" என்றார் தாயார்.

அது இ.ஏ. பாரம். முதலாளிமார் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி மாத முடிவுக்குள் தொழிலாளிக்குக் கொடுக்க வேண்டிய சம்பள அறிக்கை. அதன் 'டி' பகுதியின் முதல் வரியில் மாதாந்தர வரிப் பிடித்தம், அதாவது நாம் பி.சி.பி. என்று சொல்வது, 744 வெள்ளி என்று இருந்தது. மாதம் 62 வெள்ளி வீதம் பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்குச் சரிதான். சம்பளச் சீட்டுகளையும் பார்த்தேன். அவற்றிலும் மாதம் தவறாமல் 62 வெள்ளி பிடித்திருந்தது.

இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறோம். இ.ஏ. பாரமும் சம்பளச் சீட்டும் ஒரே கையால் எழுதப்பட்டவை. இரண்டும் ஒத்துப்போனால், முதலாளி பிடித்ததாகச் சொல்கிறார் என்பது மட்டுமே உறுதி. அந்தப் பணம் வருமான வரி வாரியத்துக்குப் போனதா என்பதை வாரியத்தின் கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

MyTax தளத்தில் நம் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்து நுழைந்தால் e-Lejar என்று ஒன்று இருக்கும். வாரியத்தின் கைக்கு வந்து, நம் பெயரில் பதிவான பணம் அதில் தெரியும். மகள் கைப்பேசியிலேயே திறந்து காட்டினாள். மொத்தம் 620 வெள்ளி. 124 வெள்ளி குறைந்தது. அதாவது இரண்டு மாதப் பிடித்தம்.

"டிசம்பர் பணம் இன்னும் வந்திருக்காதோ?" என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. ஒரு மாதம் பிடித்த வரியை முதலாளி அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஆகவே டிசம்பர்ப் பணம் ஜனவரியில்தான் போகும். ஜனவரித் தொடக்கத்தில் பார்த்துப் பதறக் கூடாது. ஆனால் இது மார்ச் மாதம். அதோடு, விடுபட்டிருந்தது டிசம்பர் அல்ல, ஜூனும் ஜூலையும்.

ஆண்டின் கடைசி மாதங்கள் வரிசையாக விடுபட்டால், கம்பெனி பணமே கட்டவில்லையோ என்று சந்தேகப்படலாம். நடுவில் ஓரிரு மாதம் மட்டும் ஓட்டை விழுந்திருந்தால், பெரும்பாலும் எண்ணைத் தப்பாக எழுதியிருப்பார்கள். இதைத் தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. உடன் வேலை செய்யும் இருவரைத் தங்கள் கணக்கைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எல்லோருக்கும் அதே மாதம் இல்லையென்றால் கோளாறு கம்பெனியில். ஒருவருக்கு மட்டும் இல்லையென்றால் அவருடைய எண்ணில்.

இவள் தோழிகளுக்கு எல்லா மாதமும் பதிவாகியிருந்தது. மறுநாள் சம்பளப் பிரிவில் போய்க் கேட்டாள். "பணம் கட்டினீர்களா?" என்று கேட்டால் "கட்டியாச்சு" என்ற பதில்தான் கிடைக்கும். அதனால், ஜூன், ஜூலை மாதங்களுக்கு வாரியத்துக்கு அனுப்பிய சி.பி. 39 பட்டியலில் தன் வரியைக் காட்டும்படி கேட்கச் சொல்லியிருந்தேன். எடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான கிராணி விடுப்பில் இருந்த அந்த இரண்டு மாதமும் மாற்றாக வந்தவர் அடையாள அட்டை எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதியிருந்தார். பணம் போயிருந்தது, ஆனால் இவள் கணக்கில் சேரவில்லை. கம்பெனி பட்டியலையும் ரசீதையும் இணைத்து, திருத்தம் கேட்டு வாரியத்துக்குக் கடிதம் எழுதியது.

இதனால் என்ன நட்டம் என்று தாயார் கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டினேன். ஆண்டுச் சம்பளம் 50,400. சேமநிதிக்கு 4,000, தனி நபருக்கு 9,000 கழிந்தால் மீதி 37,400. கைப்பேசி, இணையக் கட்டணம் முதலியவற்றுக்கு இவளிடம் 2,500 வெள்ளிக்கு ரசீது இருந்தது. அதையும் கழித்தால் 34,900. அதற்கு வரி 597. மீதி 35,000-ஐத் தாண்டாததால் 400 வெள்ளி தள்ளுபடி. கட்ட வேண்டியது 197 மட்டுமே. 744 கட்டியவளுக்கு 547 வெள்ளி திரும்ப வேண்டும். வாரியத்தின் கையில் 620 மட்டும் இருந்தால் 423-க்குத்தான் ஆதாரம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இணையத்தில் வரிப்பாரம் நிரப்பும்போது பிடித்தத் தொகை ஏற்கனவே நிரம்பியிருக்கலாம். அதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். அது முதலாளி அனுப்பிய சம்பள விவரத்திலிருந்து வருவது.

கம்பெனி பணமே கட்டாத இடத்தில் காரியம் இவ்வளவு எளிதாக முடியாது. அப்போது இ.ஏ. பாரத்தையும் பன்னிரண்டு சம்பளச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு வாரியக் கிளைக்குப் போய் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். பிடித்ததற்கு நம்மிடமுள்ள சான்று சம்பளச் சீட்டுதான். அதைத் தகர டின்னில் போட்டாவது ஏழு ஆண்டு வைத்திருங்கள். பிடித்த வரியைக் கட்டாத முதலாளிக்கு அபராதமும் சிறையும் சட்டத்தில் உண்டு.

மகளின் கணக்கில் ஏப்ரல் மூன்றாம் வாரம் 744 என்று மாறியது. 30-ஆம் தேதிக்கு முன் பாரத்தை அனுப்பினாள். இப்போது தாயார் மகனின் இ.ஏ. பாரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்.