தெருவுக்குத் தார் போட்டாச்சு, கணக்கு எங்கே?

சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள். சாலைப் பணி முடிந்ததும் கவுன்சிலரிடமிருந்து புகைப்படத்தோடு ஒரு தகவல் வரும். படத்தைவிட முக்கியமானவை அதிலுள்ள தேதியும் தொகையும்.

பணி முடிந்த தேதியிலிருந்துதான் ஒப்பந்ததாரரின் பராமரிப்புப் பொறுப்புக் காலம் ஓடத் தொடங்கும். அதற்குள் சாலை பெயர்ந்தால் அவரே தன் செலவில் சரிசெய்ய வேண்டும். தேதி இல்லாத அறிக்கையை வைத்து யாரையும் பிடிக்க முடியாது.

தொகையிலும் மதிப்பீடு வேறு, கொடுத்த பில் வேறு. பில்லுக்கு அடிப்படை, பொறியாளர் நீளம், அகலம், கனம் அளந்து எழுதும் அளவுப் புத்தகம். ஒரு தெரு 200 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், தார்க்கலவை 40 மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 40 கன மீட்டர். எடையில் ஏறக்குறைய 95 டன். கனம் 30 மில்லிமீட்டராகக் குறைந்தால் கால்பங்கு கலவை போடாமலே பில்லில் ஏறிவிடும். மேலே நடந்து பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது!

பழைய தாரைச் சுரண்டி எடுக்கும் 'மில்லிங்' நடந்ததா என்பதையும் கேட்க வேண்டும். அதைச் செய்யாமல் மேலேமேலே போட்டால் சாலை உயர்ந்து, மழைநீர் வீட்டுக்குள் வரும்.

பள்ளம் தெரிந்தால் 1913-க்கு அழைக்கலாம். அருகிலுள்ள வீட்டு எண்ணையோ விளக்குக் கம்ப எண்ணையோ சொல்லுங்கள். புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள்.