உலர்ந்த தலையை நனைக்கும் கலை

படத்தின் போஸ்டரில் கொட்டும் மழை. நடுவே நாயகன் நிற்கிறார். ஆனால் அந்தப் புகைப்படம் எடுக்கப்பட்டதோ ஸ்டுடியோவுக்குள். ஃபேன் காற்றில் லேசாகப் பறக்கும் உலர்ந்த முடியோடு. பின்னணியில் மழையைச் சேர்ப்பது எளிது. முகத்தில் நாலு துளிகளை வைப்பதும் எளிது. தலைமுடியில்தான் போஸ்டர் வடிவமைப்பாளர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

பலர் முதலில் செய்வது, முடியின் மேல் வெள்ளைக் கோடுகளை இழுத்துப் பளபளப்பு ஏற்றுவதுதான். அப்படிச் செய்தால் முடி நனைந்ததாகத் தெரியாது. நைலான் விக் போலத் தெரியும். ஈரத்தின் முதல் அடையாளம் பளபளப்பு அல்ல என்பதே காரணம். முடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கற்றைகளாகத் திரள்வதுதான் முதல் அடையாளம். பளபளப்பு அந்தக் கற்றைகளின் மேல் வந்து உட்கார வேண்டிய இரண்டாவது அடையாளம்.

இதை வீட்டிலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். வாட்டர் கலர் பிரஷ் ஒன்றைத் தண்ணீர் டம்ளருக்குள் முக்கினால், உள்ளே அதன் இழைகள் தனித்தனியாக விரிந்தே இருக்கும். வெளியே எடுத்த மறுகணம் எல்லாம் சேர்ந்து கூர்முனையாகிவிடும். தண்ணீருக்குள் இருப்பதால் மட்டும் இழைகள் ஒட்டுவதில்லை. காற்றும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் எழும் பரப்பு இழுவிசைதான் அவற்றை இழுத்துச் சேர்க்கிறது. ஜோஸ் பிக்கோ என்ற பிரெஞ்சு இயற்பியலாளரும் அவருடைய சகாக்களும் 2004இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் நனைந்த முடியின் இந்தத் திரட்சியைப் பற்றியே ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அருகருகே உள்ள இழைகள் முதலில் சிறு கற்றைகளாகச் சேர்கின்றன. பிறகு அந்தச் சிறு கற்றைகள் சேர்ந்து பெரிய கற்றைகளாகின்றன. இழையின் விறைப்பு இந்தச் சேர்க்கையை எதிர்ப்பதால், கற்றை ஓர் அளவுக்கு மேல் பருப்பதில்லை.

வரைபவருக்கு இதில் மூன்று விஷயங்கள் கிடைக்கின்றன. ஒன்று, வேர்கள் தோலில் ஊன்றி நிற்பதால் அவை நெருங்க முடியாது. ஆகவே கற்றை வேரில் அகலமாகவும் நுனியில் கூராகவும் இருக்கும். இரண்டு, இரண்டு கற்றைகள் நடுவழியில் சேர்ந்து ஒன்றாகும் கவட்டை வடிவம் ஆங்காங்கே தெரியும். மூன்று, எல்லாக் கற்றைகளும் ஒரே பருமனில் இருக்காது. பெரிதும் சிறிதும் கலந்தே இருக்கும்.

இனி ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். 3000 பிக்சல் உயரம், அதில் தலை மட்டும் சுமார் 1200 பிக்சல். காதை மறைக்கும் நீளத்தில் கருப்பு முடி. வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து விழுகிறது. பின்னால் வெறும் சாம்பல் நிறத் திரை. வேலை நடப்பது போட்டோஷாப்பில்.

முதல் வேலை, முடியைத் தலையோடு படிய வைப்பது. உலர்ந்த முடி காற்றை உள்ளே வைத்துக்கொண்டு உப்பி நிற்கும். நனைந்தால் மண்டையின் வடிவத்துக்கு இறங்கிவிடும். Liquify கருவியில் பெரிய பிரஷை எடுத்து, உச்சியிலும் பக்கவாட்டிலும் வெளிக்கோட்டைச் சிறிது சிறிதாக உள்ளே தள்ள வேண்டும். இந்தப் படத்தில் உச்சியில் 30, 40 பிக்சல் இறங்கினாலே போதும். அதற்கும் மேல் போனால் மண்டையே சிறுத்ததுபோல் ஆகிவிடும். வெளியே பறக்கும் ஒற்றை முடிகளை Healing Brush கொண்டு அழித்துவிடலாம். நனைந்த தலையில் ஒற்றை முடி பறப்பதில்லை. வெறும் திரை என்பதால் இங்கே பின்னணியும் சேர்ந்து நகர்வது கண்ணுக்குத் தெரியாது. பின்னால் சுவரோ ஜன்னலோ இருந்தால் அவை வளைந்துவிடும். அப்போது முடியைத் தனி லேயராகப் பிரித்த பிறகே இதில் கை வைக்க வேண்டும்.

அடுத்து, நிறத்தை ஆழமாக்குவது. முடியைச் சுற்றி நீர்ப்படலம் படியும்போது உள்ளே போகும் ஒளியில் ஒரு பகுதி வெளியே வர வழியின்றித் திரும்பத் திரும்ப எதிரொளித்து, முடியின் நிறமியால் உறிஞ்சப்படுகிறது. அதனால் நனைந்த முடி கருத்துத் தெரிகிறது. Curves லேயரில் நடுத்தர ஒளியை இறக்கி, மாஸ்க் போட்டு அதை முடியோடு நிறுத்திக்கொள்ளலாம். நம் கருப்பு முடியில் கருக்க அதிக இடம் கிடையாது. முழுக் கருப்புக்குக் கொண்டுபோய்விட்டால் இழைகளே மறைந்து, மை கொட்டியது போல் ஆகும். ஆகவே இருண்ட இடத்திலும் கொஞ்சம் விவரம் மிஞ்சும்படி நிறுத்த வேண்டும்.

மூன்றாவதுதான் அதிக நேரம் பிடிக்கும் வேலை: கற்றைகள். புதிய லேயர் திறந்து, முடியின் மிக இருண்ட இடத்திலிருந்து நிறத்தை எடுத்து, பேனாவின் அழுத்தத்துக்கு ஏற்ப பிரஷின் பருமன் மாறும்படி வைத்துக்கொள்ள வேண்டும். வரைய வேண்டியது முடியை அல்ல, கற்றைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை. இடைவெளி நுனியில் அகலமாகத் தொடங்கி, வேரை நோக்கிப் போகப்போக மெலிந்து மறையும். இந்தப் படத்தில் ஒரு கற்றை வேரருகே 25 பிக்சல் அகலம் இருந்தால், நுனியில் ஐந்தாறு பிக்சல் இருக்கலாம். பக்கத்தில் உள்ளது அதில் பாதியாக இருக்கட்டும். வகிடு எடுத்த இடத்திலும் நெற்றி ஓரத்திலும் இடைவெளி கருப்பாக இருக்கக் கூடாது. அங்கே கற்றைகளுக்கு நடுவே தோல் தெரியும். இந்தச் சின்ன விவரத்தைச் சேர்த்தாலே தலை பாதி நனைந்துவிடும்.

பிறகு ஒவ்வொரு கற்றையையும் உருண்டையாக்க வேண்டும். இரண்டு ஓரங்களிலும் மென்மையாக நிழல் கொடுத்து, நடுவைச் சற்று வெளிச்சமாக விட்டால் போதும். இங்கே நேரத்தை மிச்சப்படுத்த Smudge கருவியால் தேய்ப்பவர்கள் உண்டு. கற்றைகள் வழவழவென்று வரும். ஆனால் புகைப்படத்தில் இருந்த இழைகள் அழிந்துபோகும். நனைந்தாலும் முடி முடிதான். கற்றைக்குள் ஒன்றிரண்டு பிக்சல் பருமனில் இழைக் கோடுகள் நீளவாட்டில் ஓட வேண்டும். அழிந்திருந்தால் அவற்றை மீண்டும் வரைந்தாக வேண்டும்.

கடைசியாகத்தான் பளபளப்பு. ஸ்டீவ் மார்ஷ்னரும் சகாக்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, கணினி வரைகலையில் முடியின் ஒளியைக் கணக்கிடும் முறைக்கே அடிப்படையானது. முடியில் இரண்டு ஹைலைட்டுகள் உண்டு என்பது அதன் சாரம். ஒன்று, முடியின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி. அது விளக்கின் நிறத்திலேயே இருக்கும். மற்றது, முடிக்குள் புகுந்து பின்சுவரில் பட்டு வெளியே வரும் ஒளி; அது முடியின் நிறத்தை வாங்கிக்கொண்டு வரும். செம்பட்டை முடியில் இந்த இரண்டாவது பொன்னிறமாக ஒளிரும். கருப்பு முடியில் நிறமி அதை விழுங்கிவிடுவதால் முதல் ஹைலைட்டே ஆட்சி செய்யும். ஆகவே நம் நாயகனின் தலையில் பழுப்பு நிறப் பளபளப்பு வேண்டாம். போஸ்டரில் நீல நிறத் தெருவிளக்கு எரிகிறதென்றால், ஹைலைட்டும் நீலம் கலந்த வெளிர் நிறமாகத்தான் இருக்க வேண்டும்.

பளபளப்பு ஏற்ற Color Dodge என்று லேயரை மாற்றுவது பலருக்கு வழக்கம். கருப்பு முடியில் அது காலை வாரிவிடும். அடியில் உள்ள நிறத்தைப் பெருக்கிக் காட்டுவது அதன் கணக்கு. அடியில் சுத்தக் கருப்பு இருந்தால், எவ்வளவு தீட்டினாலும் கருப்பாகவே நிற்கும். வரைபவரோ பிரஷின் பலத்தைக் கூட்டிக்கொண்டே போவார்; திடீரென்று ஏதோ ஒரு சாம்பல் நிற இடம் மட்டும் வெள்ளையாக வெடிக்கும். Screen அல்லது Normal முறையில் தீட்டினால் கை சொன்னபடி கேட்கும்.

எங்கே தீட்டுவது? கற்றை வளைந்து விளக்கைப் பார்க்கும் இடத்தில். தலை முழுக்கப் பார்த்தால் அந்த இடங்கள் சேர்ந்து ஒரு பட்டைபோல் அமையும். ஆனால் ஒவ்வொரு கற்றையும் தன் வளைவுக்கு ஏற்ப அந்தப் பட்டையிலிருந்து சற்று மேலேயோ கீழேயோ விலகி மின்னும். கோடு கற்றையின் நட்டநடுவில் வராமல் வெளிச்சம் வரும் பக்கம் ஒதுங்கி, இரு முனையும் மெலிந்து, நடுவே ஓரிடத்தில் அறுந்திருக்க வேண்டும். சில கற்றைகளில் ஹைலைட்டே வேண்டாம். எல்லாமே மின்னினால் எதுவும் ஈரமாகத் தெரியாது.

Plastic Wrap என்ற ஃபில்டர் இந்த வேலையை ஒரு சொடுக்கில் செய்யும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். முடியின் நகலைக் கருப்பு வெள்ளையாக்கி, அந்த ஃபில்டரைப் போட்டு, Screen முறையில் மேலே வைத்தால் கண்ணாடிப் பளபளப்பு வருவது உண்மைதான். ஆனால் விளக்கு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நிழல் பக்கத்திலும் மினுக்கிவிடும். தேவையான இடங்களை மட்டும் மாஸ்க்கில் திறந்துவிட்டால் நல்ல தொடக்கமாக உதவும். 16 பிட் படத்தில் அந்த ஃபில்டர் இயங்காது. படத்தை 8 பிட்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகும் ஒரு சந்தேகம் வரும்: இது மழையா, ஜெல்லா? பதில் பெரும்பாலும் முடிக்கு வெளியே இருக்கிறது. மழை என்றால் இரண்டு மூன்று கற்றைகள் நெற்றியில் இறங்கி ஒட்டியிருக்கும். அவற்றுக்கும் தோலுக்கும் நடுவே மிக மெல்லிய நிழல்தான் விழும். நுனியில் ஒரு சொட்டு தொங்கும். நெற்றியும் மூக்கும் மின்னும். சட்டையின் தோள்பட்டை கருத்திருக்கும். இவை எதுவும் இல்லாமல் முகம் உலர்ந்திருந்தால், பார்ப்பவர் ஜெல் என்றோ எண்ணெய் என்றோதான் எடுத்துக்கொள்வார்.

ஜெல்தான் வேண்டும் என்றால் அதற்கேற்றபடி வரைய வேண்டும். அங்கே கற்றைகளைப் பிரித்தது தண்ணீர் அல்ல, சீப்பும் விரலும். ஆகவே அவை முன்னிருந்து பின்னாக, ஏறக்குறைய ஒரே அகலத்தில், ஒரே திசையில் ஓடும். ஜெல் காய்ந்து விறைத்துவிடுவதால் கற்றை தொங்காது, நெற்றியில் ஒட்டாது, நிமிர்ந்தும் நிற்கும். சொட்டு இருக்காது. ஹைலைட் துண்டு துண்டாகச் சிதறாமல், சீப்புக் கோடுகளைக் குறுக்கே கடந்து நீண்ட பட்டையாக ஓடும்.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை போதும். ஹைலைட் லேயரின் கண் குறியை அணைத்துவிட்டு, படத்தைச் சிறிதாக்கிப் பாருங்கள். பளபளப்பு போன பிறகும் தலை நனைந்ததாகத் தெரிந்தால் போஸ்டரை அச்சுக்கு அனுப்பலாம். உலர்ந்து தெரிந்தால் கற்றைகளுக்குத் திரும்புங்கள். ஹைலைட்டைக் கூட்டுவதால் அந்தக் குறை தீராது.